மாங்கனீசு முடிச்சு: சொல்லும் பொருளும்

ஆழ்கடல் தரையில் உருளைக்கிழங்கு அளவில் கிடக்கும் கறுத்த உருண்டைகளுக்கு ஆங்கிலத்தில் ‘மாங்கனீஸ் நாட்யூல்’ என்று பெயர். நாட்யூல் என்பது ‘சிறு முடிச்சு’ என்று பொருள்படும் ‘நோடுலுஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மாங்கனீசு என்ற பெயரின் வேர் கிரேக்கத்தின் மக்னீசியா பகுதி. மக்னீசியமும் அங்கிருந்து பெயர் பெற்றதுதான்.

தமிழில் ‘கணு’ என்றும் ‘முடிச்சு’ என்றும் எழுதுகிறார்கள். கணு என்றால் கரும்பிலும் மூங்கிலிலும் இருக்கும் இணைப்பு. இந்த உருண்டைகளோ எதோடும் ஒட்டாமல் சேற்றின்மேல் தனித்தனியாகக் கிடப்பவை. அவரைக் குடும்பச் செடிகளின் ‘வேர் முடிச்சு’ பாடநூல்களில் ஏற்கெனவே பழகிய சொல் என்பதால் ‘மாங்கனீசு முடிச்சு’ என்பதே என் தேர்வு. நிக்கல், செம்பு, கோபால்ட் ஆகியவையும் இதில் இருப்பதால் சட்ட ஆவணங்கள் பயன்படுத்தும் ‘பாலிமெட்டாலிக்’ என்ற அடைமொழிக்குப் ‘பல்லுலோக முடிச்சு’ என்பது பொருந்தும்.

1873-இல் ‘சேலஞ்சர்’ என்ற பிரிட்டிஷ் ஆய்வுக்கப்பல் அட்லாண்டிக்கில் கடலடியைத் துழாவியபோது இவை முதலில் வலையில் ஏறின. ஒன்றை அறுத்துப் பார்த்தால் வெங்காயம்போல அடுக்கடுக்காக இருக்கும். நடுவில் ஒரு கரு உண்டு: சுறாவின் பல், எரிமலைக் கல்லின் துணுக்கு, அல்லது உடைந்த பழைய முடிச்சு ஒன்றின் சில்லு. கடல்நீரில் கரைந்திருக்கும் மாங்கனீசும் இரும்பும் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்சைடாகி அந்தக் கருவின்மேல் படிகின்றன. அந்தப் படலம் நிக்கலையும் கோபால்ட்டையும் நீரிலிருந்து தன்மேல் ஈர்த்துக்கொள்கிறது. அடியிலுள்ள சேற்றின் ஈரத்திலிருந்தும் உலோகம் வரும்; அப்படி வந்தால் வளர்ச்சி கொஞ்சம் வேகமாகும்.

கடல்நீரிலிருந்து மட்டும் வளரும் முடிச்சு பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர்தான் தடிக்கும். ஐந்து மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆறு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள முடிச்சு நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் மூன்று சென்டிமீட்டர் தடிக்க அறுபது லட்சம் ஆண்டு வேண்டும். இதில் ஒரு புதிர் இருக்கிறது. சேறு ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் படிகிறது. முடிச்சைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வேகம். அப்புறம் ஏன் அவை புதையவில்லை? சேற்றைக் கிளறும் உயிரினங்கள் முடிச்சை அவ்வப்போது நெம்பிவிடுகின்றன, அடிநீரோட்டம் மேல்படிவை அடித்துச் செல்கிறது என்று விளக்கங்கள் சொல்கிறார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

சுரங்க விவாதமும் இந்த மெதுவான வளர்ச்சியைச் சுற்றித்தான் நடக்கிறது. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையிலுள்ள கிளாரியன்-கிளிப்பர்ட்டன் பகுதியில் நாலாயிரம் மீட்டருக்குக் கீழே முடிச்சுகள் நெருக்கமாகக் கிடக்கின்றன. மின்வண்டி பேட்டரிக்கு நிக்கலும் கோபால்ட்டும் தேவை, காட்டை அழித்து நிலத்தில் தோண்டுவதைவிட இது மேல் என்பது எடுக்க விரும்புபவர்களின் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்தச் சேற்றுவெளியில் கடினமான பரப்பு என்பது முடிச்சு மட்டும்தான். கடற்பஞ்சும் பவளமும் ஒட்டி வாழ வேறு இடம் கிடையாது. எடுத்துவிட்டால் மனிதக் கணக்கில் அது திரும்பி வராது.

சேற்றைக் கிளறினால் என்ன ஆகும் என்று 1989-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பெரு கடற்பகுதியில் சோதித்தார்கள். ‘டிஸ்கோல்’ என்ற அந்தச் சோதனையில் எட்டு மீட்டர் அகலக் கலப்பை ஒன்றைக் கடலடியில் பலமுறை இழுத்தார்கள். 26 ஆண்டு கழித்து, 2015-இல் போய்ப் பார்த்தபோது உழவுச்சால்கள் அப்படியே தெரிந்தன. நடமாடும் விலங்குகள் சில திரும்பியிருந்தன. ஒட்டி வாழ்பவை மீளவில்லை. நுண்ணுயிரிகளின் செயல்பாடும் சால்களுக்குள் குறைந்தே இருந்தது. இத்தனைக்கும் அந்தக் கலப்பை முடிச்சுகளை எடுக்கவில்லை, சேற்றுக்குள் புதைக்க மட்டுமே செய்தது. உண்மையான சுரங்க இயந்திரம் மேல்படிவையும் சேர்த்து வாரும். எழும் சேற்றுப்புகை எவ்வளவு தூரம் பரவும் என்பதைச் சிறு சோதனைகளை வைத்து முழுதாகக் கணித்துவிட முடியாது.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல்தரைக்கு அனுமதி தருவது ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உள்ள சர்வதேசக் கடலடி ஆணையம். ஆராய்ச்சிக்கு அது ஒப்பந்தங்கள் கொடுத்திருக்கிறது. வணிகச் சுரங்க விதிகளுக்கான பேச்சு பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே போனது. இடைக்காலத் தடை கேட்கும் நாடுகளும் பல. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரை ஆராயும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. அதற்கான ‘வராகா’ என்ற சுரங்க ஊர்தியை சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2021-இல் 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்த்தது.