வெண்குட்டமா, வெண்புள்ளியா?

தோலில் வெண்திட்டுகள் தோன்றும் விட்டிலிகோ என்ற நிலைக்கு 'வெண்குட்டம்', 'வெண்குஷ்டம்' என்று எழுதும் வழக்கம் உடல்நலக் கட்டுரைகளிலும் மருந்து விளம்பரங்களிலும் இன்னும் ஓயவில்லை. அண்மையில் ஒரு நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் ஒரே பத்தியில் மூன்று முறை அச்சொல்லைக் கண்ட பிறகே இதை எழுதத் தோன்றியது.

விட்டிலிகோ இலத்தீன் சொல். முதல் நூற்றாண்டில் உரோமானியரான செல்சஸ் எழுதிய மருத்துவ நூலிலேயே அது வருகிறது. குறை, மாசு என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது என்பர் சிலர். கன்றுக்குட்டியின் வெள்ளைத் திட்டோடு இணைப்பர் வேறு சிலர். அதற்கு இணையாக வழங்கும் லூகோடெர்மா, கிரேக்கத்தில் வெண்தோல் என்று மட்டுமே பொருள்படும்.

குட்டம் என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. வடமொழிக் குஷ்டத்தின் திரிபான இது, பழைய மருத்துவத்தில் தோல் நோய்கள் பலவற்றுக்கும் பொதுப்பெயராக இருந்தது. சித்த நூல்கள் 18 வகைக் குட்டம் கூறும். எனவே வெண்குட்டம் மரபுவழி வந்த சொல்தானே என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் சொல்வது சொல்லின் வரலாற்றுக்குப் பொருந்தும், இன்றைய வழக்குக்குப் பொருந்தாது. இன்று குஷ்டம் என்றால் எவர் செவியிலும் விழுவது தொழுநோய் ஒன்றே. பொருள் சுருங்கிப்போன சொல்லை நூலில் இருப்பதைக் காட்டி மீண்டும் விரிக்க முடியாது. இந்து திருமணச் சட்டம் 1955, தொழுநோயை மணமுறிவுக்கான காரணங்களுள் ஒன்றாக வைத்திருந்தது. அது நீக்கப்பட்டது 2019இல்தான். இத்தனை சுமையைத் தாங்கிய பெயரை வேறொரு நிலையின் தலையில் ஏற்றுவது மொழிபெயர்ப்பாகாது.

இரண்டுக்கும் தொடர்பே இல்லை. தொழுநோய் ஒரு நுண்ணுயிரால் வருவது. விட்டிலிகோவில் உடலின் எதிர்ப்பாற்றலே தோலுக்கு நிறமூட்டும் செல்களைத் தாக்கி அழிக்கிறது. அது தொட்டாலும் ஒட்டாது, உடன் உண்டாலும் ஒட்டாது. கண்ணாலும் பெரும்பாலும் பிரித்தறியலாம். விட்டிலிகோவின் திட்டு பால்போல் வெளுத்து, விளிம்பு தெளிவாக இருக்கும். பஞ்சிழையால் வருடினால் வழக்கம்போல் உணர்ச்சி தெரியும். தொழுநோயின் திட்டு வெளிறியோ சிவந்தோ இருக்குமேயன்றிப் பால்வெள்ளையாக இராது, அவ்விடத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும். இளைஞரின் மார்பிலும் முதுகிலும் வரும் தேமல் பூஞ்சையால் ஆனது. சுரண்டினால் மெல்லிய செதில் உதிரும். (சங்கப் பாடல்கள் பெண்ணின் மேனியில் பரவிய சுணங்கு என்னும் தேமல் போன்ற புள்ளிகளை அழகென்று பாடின என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.)

சொல் செய்யும் வேலையைப் பெண் பார்க்கும் வீட்டில் காணலாம். முழங்கையில் நாணய அளவு வெண்திட்டு உள்ள பெண்ணின் தந்தை, கேட்பவரிடம் 'தேமல்' என்று மழுப்புகிறார். தரகரோ மாப்பிள்ளை வீட்டாரிடம் 'வெள்ளைக் குஷ்டமாம்' என்று காதைக் கடிக்கிறார். மருத்துவர் சீட்டில் விட்டிலிகோ என்றுதான் இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளையின் அத்தை அகராதியைப் புரட்டினாலும் கண்ணில் படுவது வெண்குட்டமே. அதன்பின் பேச்சு அந்தப் பெண்ணைவிட்டு அவள் தங்கைக்கும் தாவுகிறது. மரபின் பங்கு உண்டு என்பது மெய். ஆனால் நெருங்கிய இரத்த உறவினருள் பெரும்பாலோர்க்கு இது வருவதில்லை. அந்த எளிய உண்மையைச் சொல்ல, அந்த அறையில் எவருக்கும் வாய் திறப்பதில்லை.

மாற்றாக வெண்படை என்று எழுதுவோர் ஒரு பள்ளத்திலிருந்து மற்றொன்றில் விழுகின்றனர். படை என்பது படர்தாமரை போன்ற ஒட்டும் பூஞ்சை நோய்க்கு மக்கள் வழங்கும் பெயர். 'நிறமியிழப்பு' துல்லியமானதுதான், ஆனால் பாட்டியிடம் சொல்ல உதவாது. மேலும் தேமலிலும் நிறமி குறைகிறது. தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்ட 'வெண்புள்ளிகள்' என்பதே எனக்கு உவப்பானது. திட்டு உள்ளங்கை அளவு பரவிய பின்னும் புள்ளி என்பதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே, 'வெண்திட்டு' இன்னும் பொருந்தும். ஆயினும் புள்ளி ஏற்கெனவே புழக்கத்தில் வேரூன்றிவிட்டது. வேரூன்றிய நல்ல சொல்லைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நடுவது நம் மொழிபெயர்ப்பாளர்களின் பழைய நோய். அகராதிகளின் அடுத்த பதிப்பில் வெண்குட்டத்தை விட்டிலிகோவின் பொருளாகக் காட்டாமல், பழைய வழக்கு என்ற குறிப்போடு மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டும்.