லென்ஸ் போட்ட கண் சிவந்தால் நாளைக்குப் பார்க்கலாமா?

லென்ஸ் போடாத ஒருவருக்குக் கண் சிவந்தால் பெரும்பாலும் அது ஊரில் சுற்றும் கண் நோய்தான். ஓரிரு வாரத்தில் தானாகப் போய்விடும். கொன்டக்ட் லென்ஸ் போடுகிறவருக்கு அந்தக் கணக்கு சரிவராது.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்து, கொழும்பில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு லென்ஸைக் கழற்றாமலேயே பஸ்ஸில் தூங்கிக்கொண்டு ஊருக்கு வருகிறாள். விடிந்ததும் பார்த்தால் லென்ஸ் கழுவும் திரவம் தீர்ந்துவிட்டது. லயத்துக்குப் பக்கத்துப் பீலித் தண்ணீர் பளிங்கு மாதிரிதானே இருக்கிறது, அதிலேயே அலசி மறுபடி போட்டுக்கொள்கிறாள். அன்றிரவு ஒரு கண்ணில் மண் விழுந்தது போல உறுத்தல். திங்கள் காலை கண் சிவந்து நீராய் வடிகிறது, ஜன்னல் பக்கம் திரும்ப முடியவில்லை.

கருவிழியை மூடியிருக்கும் ஒளி ஊடுருவும் படலத்தை விழிவெண்படலம் என்கிறோம். நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர்தான் தடிப்பு. அதில் இரத்தக் குழாயே கிடையாது. தனக்கு வேண்டிய ஒட்சிசனை அது முக்கியமாகக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்துதான் எடுக்கிறது. லென்ஸோடு இமையையும் மூடித் தூங்கினால் அந்த வழி அடைபடும். மேல்தோல் நலிந்து, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். தண்ணீரிலும் லென்ஸ் டப்பாவிலும் வாழும் சூடோமோனாஸ் என்ற பக்டீரியா லென்ஸில் ஒட்டிக்கொண்டு வந்து, அந்தக் கீறல் வழியாக உள்ளே இறங்குகிறது. அது சுரக்கும் நொதியங்கள் படலத்தின் சதையையே கரைத்துவிடும். கடுமையான தொற்றில் ஓரிரு நாளிலேயே பெரிய புண்ணாகலாம், சிலருக்குப் படலம் ஓட்டையாகியும் விடும். அதனால்தான் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்கிறோம்.

சாதாரணக் கண் நோயில் வெளிச்சம் இவ்வளவு தொந்தரவு தராது. படலத்தில் புண் வந்தால் உள்ளே கருமணியைச் சுருக்கும் தசைகளும் இறுகி நோகும். வெளிச்சம் பட்டுக் கருமணி சுருங்கும்போதெல்லாம் அந்த வலி சுண்டி இழுக்கும். நல்ல கண்ணில் டோர்ச் அடித்தாலும் நோகிற கண் வலிக்கலாம், ஏனென்றால் இரண்டு கருமணிகளும் சேர்ந்தே சுருங்குகின்றன. சிவப்பும் பெரும்பாலும் கருவிழியைச் சுற்றி வளையமாகத் தெரியும். வலி, வெளிச்சக் கூச்சம், மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி: சிவந்த கண்ணோடு இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், மற்றவை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. லென்ஸைக் கழற்றியதும் கொஞ்ச நேரத்தில் சிவப்பு மறைந்து, வலியும் இல்லை, பார்வையும் தெளிவு என்றால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம், ஆனால் லென்ஸ் போடாமல்.

ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. கழற்றினால் சில நேரம் வலி கூடும், லென்ஸ் புண்ணை மூடிக்கொண்டிருந்ததால். "போட்டிருந்தால்தான் சுகம்" என்று திரும்பப் போடுவது கிருமிக்குப் போர்வை போர்த்துகிற வேலை.

அப்புறம் பாமசி. "கண் நோய்தான் தங்கச்சி, இதை மூன்று வேளை விடுங்க" என்று தரும் போத்தலில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது சிவப்பைக் குறைத்து ஆறுதல் தரும், ஆனால் கண்ணின் எதிர்ப்பைத் தணிப்பதால் கிருமி உள்ளே பெருகும். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். கண்ணை இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

நம் பெண் திங்கள் காலையே கிளம்பட்டும். தோட்ட மருந்தகத்தில் போய்க் காத்திருப்பதைவிட, கண் பிரிவுள்ள நுவரெலியா, கண்டி, பதுளை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போவதே நல்லது. கண் கிளினிக் இல்லாத நாளென்றால் அவசரப் பிரிவுக்குப் போகலாம். வாசலிலேயே சொல்ல வேண்டியது: "நான் லென்ஸ் போடுறேன், போட்டுக்கொண்டே தூங்கினேன், தண்ணீரில் கழுவினேன்." கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் கொண்டுபோக வேண்டும், கிருமியை அதிலிருந்தும் வளர்த்துப் பார்க்கலாம். வைத்தியர் செம்மஞ்சள் சாயம் தோய்ந்த காகிதக் கீற்றை இமையில் தொட்டு நீல ஒளியில் பார்ப்பார். மேல்தோல் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். தேவைப்பட்டால் புண்ணை மெல்லச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்புவார்.

தண்ணீர்ச் சங்கதியை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் அகந்தமீபா. பீலி, குழாய், தாங்கி எந்தத் தண்ணீரிலும் இருக்கக்கூடிய இந்த ஒற்றைக்கல உயிரிக்கு பக்டீரியா மருந்து வேலை செய்யாது. கண்ணில் தெரிவது கொஞ்சம், வலியோ தாங்க முடியாதது என்பது அதன் அடையாளங்களில் ஒன்று. ஆரம்பத்தில் இதை ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்று என்று எண்ணி வைத்தியம் செய்து வாரங்கள் வீணாவதுண்டு.

பக்டீரியாப் புண் என்றால் முதல் இரண்டு நாள் இரவு பகலாக மணிக்கொரு தரம் சொட்டு விட வேண்டியிருக்கும். வீடு தூரம் என்றால் வார்டில் தங்கச் சொல்வார்கள். அங்கே வலி குறைந்துவிட்டதே என்று பாதியில் துண்டு வெட்டிக்கொண்டு வரக் கூடாது; புண் மூடியதா என்று சாயம் விட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.