குறை இருந்தா எங்களிடம், நிறை இருந்தா கூகுளிடமா?

கோவையில் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் கடை அது. அண்ணனும் தம்பியும் நடத்துகிறார்கள், கூட ரெண்டு பையன்கள் வேலைக்கு. சின்னக் கடைகளுக்குக் கூகுள் மேப்பில் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அந்த வகையில்தான் பழக்கம். அண்ணன்காரர் ஒருநாள் கூப்பிட்டு, "நம்ம வேலையைப் பத்தி யாரும் குறையே சொல்றதில்லீங்க, ஆனா கூகுள்ல பார்த்தா பதினொரு ரிவ்யூதான் இருக்கு" என்றார். வாடிக்கையாளருக்கு என்ன அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டினார்.

"அன்புள்ள வாடிக்கையாளரே, எங்கள் சேவை பிடித்திருந்தால் 5 ஸ்டார் கொடுத்து ஆதரவு தாருங்கள். ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் அடுத்த சர்வீஸில் 10% தள்ளுபடி. குறை இருந்தால் எங்களிடம் மட்டும் சொல்லவும்."

மூன்று வாக்கியத்தில் மூன்று தப்பு. முதல் தப்பு, எத்தனை ஸ்டார் என்பதை நாமே சொல்லிவிடுவது. ஐந்து போடுங்கள் என்று கேட்டால் அது கருத்துக் கேட்பது ஆகாது. வேலை பிடித்திருந்தவருக்கும் அதைப் படித்தால் லேசாக ஒரு சங்கடம் வரும். இரண்டாவது, தள்ளுபடி. காசோ, தள்ளுபடியோ, இலவசப் பொருளோ கொடுத்து ரிவ்யூ வாங்கக் கூடாது என்பது கூகுளின் விதி. மீறியது தெரிந்தால் அந்த ரிவ்யூக்களை நீக்குவார்கள். சில நாட்களுக்குப் புது ரிவ்யூவே வராதபடி பக்கத்தை முடக்கவும் செய்வார்கள்.

மூன்றாவதுதான் யாருக்கும் தப்பாகவே தெரியாது. "நிறை இருந்தால் நண்பர்களிடம் சொல்லுங்கள், குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்" என்று ஹோட்டல் சுவரில் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். சுவரில் இருக்கும் வரை அதில் குற்றமில்லை. ரிவ்யூ கேட்கும் மெசேஜில் அதே வரி வந்தால் கதை வேறு. திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்பதும், குறை எழுத வருபவரைத் தடுப்பதும் கூகுள் விதிப்படி கூடாது. "வேலை பிடித்ததா?" என்று கேட்டு, ஆமாம் என்பவருக்கு லிங்கும் இல்லை என்பவருக்கு வெறும் மன்னிப்பும் அனுப்பும் ஏற்பாடும் இதே கணக்குதான்.

"அப்ப சந்தோஷமா இருக்கறவங்ககிட்டகூடக் கேக்கக் கூடாதுங்களா?" என்றார் தம்பி. தாராளமாகக் கேட்கலாம். வேலை முடிந்த எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும், அவ்வளவுதான். வேலை சுத்தமாக இருந்தால் எழுத முன்வருகிறவர்களில் பெரும்பாலோர் மனம் குளிர்ந்தவர்களாகத்தான் இருப்பார்கள். நாம் வடிகட்ட வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் லிங்கைச் சரி செய்தோம். அவர் அதுவரை அனுப்பி வந்தது தன் கம்ப்யூட்டரின் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்த நீளமான ஒன்று. அதைத் தொட்டால் கடை இருக்கும் மேப் திறந்தது. ரிவ்யூ எழுதும் இடத்தை வாடிக்கையாளரே தேடிப் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் அங்கேயே கைவிட்டிருப்பார்கள். கடை உரிமையாளரின் கணக்கில் நுழைந்து கூகுளில் கடை பெயரைத் தேடினால் Ask for reviews என்று ஒரு பொத்தான் வரும். அதைத் தொட்டால் சின்ன லிங்க் ஒன்று கிடைக்கும். அது நேராக ஸ்டார் போடும் பெட்டியைத் திறக்கும். அனுப்பும் முன் கடைக்குச் சம்பந்தமில்லாத ஒருவருடைய போனில் திறந்து பாருங்கள். இடம் மாறிய கடைகளுக்குப் பழைய முகவரியில் இன்னொரு பக்கம் உயிரோடு இருக்கும். ரிவ்யூ எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, எப்போது கேட்பது என்ற கேள்வி. அதுவரை பையன்கள் மெஷினை மாட்டிவிட்டு வாசலில் நின்றுகொண்டே, "ஸ்டார் போட்டுருங்கக்கா, இல்லைன்னா கடையில திட்டுவாங்க" என்று கேட்டு வந்தார்கள். ஆள் எதிரே நின்றால் யாரும் மனதில் பட்டதை எழுத மாட்டார்கள். வாடிக்கையாளர் போனை வாங்கி நாமே தட்டிக் கொடுப்பது அதைவிட மோசம். தவிர, அந்த நேரத்தில் மெஷின் சரியாகிவிட்டதா என்று அவருக்கே தெரியாது. ஒரு தடவையாவது துணி துவைத்துப் பார்த்திருக்க வேண்டும். அதனால் மறுநாள் சாயங்காலம் என்று வைத்துக்கொண்டோம்.

அதையும் இரண்டாகப் பிரித்தோம். முதல் மெசேஜ் வெறும் விசாரிப்பு: "வணக்கம்க்கா, நேத்து வாஷிங் மெஷின் பார்த்த கடையிலிருந்து பேசறோம். தண்ணி இப்ப ஒழுங்கா வெளியேறுதுங்களா?" இதற்குப் பதில் வந்த பிறகுதான் இரண்டாவது. இன்னும் சத்தம் வருகிறது என்று பதில் வந்தால் முதலில் போய்ச் சரி செய்ய வேண்டும். செய்துவிட்டு அவருக்கும் அதே இரண்டாவது மெசேஜை அனுப்ப வேண்டும். அண்ணனுக்கு இந்த இடத்தில்தான் மனசே வரவில்லை. ஆனால் இவரை விட்டுவிட்டால் மறுபடி பொறுக்கி எடுக்கும் வேலைதான்.

இரண்டாவது மெசேஜ் இப்படி அமைந்தது:

"ரொம்ப நன்றிங்கக்கா. நேரம் கிடைச்சா எங்க வேலை எப்படி இருந்துச்சுன்னு கூகுள்ல ரெண்டு வரி எழுதுங்க. புதுசா ஆள் தேடறவங்களுக்கு உதவியா இருக்கும்.
1. கீழே இருக்கற லிங்கைத் தொடுங்க.
2. உங்களுக்குத் தோணுற அளவு ஸ்டாரைத் தொடுங்க.
3. தமிழ்லயே எழுதலாம், மைக்கைத் தொட்டுப் பேசினாலும் போதும். முடிச்சுட்டு Post அழுத்துங்க.
உங்க கூகுள் கணக்கில இருக்கற பேர் எல்லாருக்கும் தெரியும். வேண்டாம்னு தோணுனா விட்டுருங்க, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்."

இதற்குக் கீழே லிங்க், தனி வரியில்.

பெயர் தெரியும் என்ற வரியை எடுத்துவிடலாமே என்றார்கள். நான் விடவில்லை. தன் பெயரும் படமும் பொதுவில் வருவதை விரும்பாத பெண்கள் நிறைய. எழுதிவிட்டு அப்புறம் தெரிந்தால் கடை மேல்தான் கோபம் வரும். பதில் வராதவருக்கு நினைவூட்டல் அனுப்புவதில்லை என்றும் முடிவு செய்தோம். ஒருமுறை கேட்டால் அது வேண்டுகோள். மூன்றாம் முறை கேட்கும்போது நம் எண்ணை ப்ளாக் செய்துவிடுவார்கள், அடுத்த வேலையும் போய்விடும்.

ஒவ்வொரு தடவையும் தட்டச்சு செய்ய வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸில் Quick replies என்ற வசதியில் இதைச் சேமித்து வைத்தால் ஒரு குறுக்குச் சொல்லில் வந்துவிடும். பிராட்காஸ்டில் மொத்தமாக அனுப்பாதீர்கள். நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். வாஷிங் மெஷின் கடைக்காரரின் எண்ணை எத்தனை பேர் சேமித்து வைப்பார்கள்?

இரண்டு மாதத்தில் ஒன்பது பேர் எழுதினார்கள். எழுதினேன், இன்னும் காணவில்லையே என்று ஒருவர் சொன்னார். கூகுள் சரிபார்த்துத்தான் வெளியிடும், சில நாள் பிடிக்கலாம், சிலது வராமலும் போகும். அவரை மறுபடி எழுதச் சொல்லித் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றேன்.

ஒன்பதில் ஒன்று மூன்று ஸ்டார். "வேலை நன்று. பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி ஒரு மணிக்கு வந்தார்கள்" என்று எழுதியிருந்தார். அதைத் தூக்க முடியுமா என்று அண்ணன் கேட்டார். விதியை மீறியிருந்தால்தான் கூகுள் நீக்கும், உண்மையை எழுதியதற்கு நீக்காது என்றேன். கொஞ்சம் முறுக்கிக்கொண்டு இருந்தவர், ராத்திரி தாமே பதில் எழுதினார்: "நீங்கள் சொல்வது சரி. அன்று முந்தைய வீட்டில் நேரமாகிவிட்டது, போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். இனி சொல்லிவிடுவோம்." அந்த வாரம் புதிதாகக் கூப்பிட்ட ஒருவர் எடுத்ததும் கேட்டாராம்: "லேட்டாச்சுன்னா போன் பண்ணிச் சொல்லிருவீங்கல்ல?"