முறைமாற்றுச் சோதனை: ‘ஏ/பி டெஸ்ட்’ என்று நாம் தவறாக அழைப்பது

ஒரு காணொளிக்கு இந்த வாரம் ஒரு தலைப்பு, அடுத்த வாரம் வேறொரு தலைப்பு வைத்துப் பார்த்துவிட்டு, “ஏ/பி டெஸ்ட் செய்தேன், இரண்டாவது தலைப்புதான் வென்றது” என்று சொல்வது யூடியூப் சேனல் நடத்துவோரிடம் வழக்கமாகிவிட்டது. அவர்கள் செய்தது ஒரு சோதனைதான், ஆனால் ஏ/பி சோதனை அன்று. பெயர் மாறிப்போனதால் தீர்ப்பும் மாறிப்போகிறது.

‘ஏ’யும் ‘பி’யும் எதற்கும் சுருக்கம் அல்ல. முதல் வடிவம், இரண்டாம் வடிவம் என்பதற்கான வெறும் அடையாளங்கள். செயல்முறை இணையத்தைவிட மிகப் பழையது. அமெரிக்க நாளிதழ்களில் ‘ஸ்பிளிட் ரன்’ என்று ஒரு வசதி இருந்தது. ஒரே நாள் இதழின் ஒரு பிரதியில் ஒரு விளம்பரமும் அடுத்த பிரதியில் இன்னொரு விளம்பரமுமாக அச்சாகும். இரண்டிலும் உள்ள கூப்பன்களில் வெவ்வேறு குறி இருக்கும். எந்தக் குறியிட்ட கூப்பன் அதிகம் திரும்பி வருகிறதோ அந்த விளம்பரம் வென்றது. ஒரே நாள், ஒரே ஊர், ஒரே செய்திகள். எந்தப் பிரதி யார் வீட்டுக்குப் போகும் என்பதை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. இதற்கு உறுதியான கணித அடிப்படை தந்தவர் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் சேர்ந்த அவர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆய்வாளர் முடிவு செய்யக்கூடாது, குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும் என்று வலியுறுத்தினார்.

ஆகவே ஏ/பி சோதனை என்ற சொல்லுக்குள் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. இரண்டு வடிவங்களும் ஒரே காலத்தில் ஓட வேண்டும். யாருக்கு எது என்பது குலுக்கலில் விழ வேண்டும். யூடியூப் 2024இல் பரவலாகத் தந்த தம்ப்நெயில் ஒப்பீட்டு வசதி இந்த வகையைச் சேர்ந்தது. மூன்று படங்கள்வரை கொடுத்தால் பார்வையாளர்களைப் பிரித்து, ஒரே சமயத்தில் அவற்றைக் காட்டும். பின்னர் தலைப்புகளுக்கும் இது வந்தது. உங்கள் காணொளிக்கு அது கிடைக்குமானால் அதையே பயன்படுத்துங்கள். இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி உங்களுக்குத் தேவைப்படாது. ஆனால் எல்லாக் காணொளிக்கும் அது கிடைப்பதில்லை. குழந்தைகளுக்கானவை என்று குறிக்கப்பட்டவற்றுக்கு, எடுத்துக்காட்டாக, கிடையாது. அங்கெல்லாம் தலைப்பைக் கையால் மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் வழி. அதில் இரண்டு தலைப்புகளும் ஒரே நாளைப் பகிர்ந்துகொள்வதில்லை. எல்லாச் சிக்கலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

எண்களோடு பார்த்தால் இது தெளிவாகும். எடுத்துக்காட்டுக்காக ஒரு சமையல் காணொளியை வைத்துக்கொள்வோம். முதல் தலைப்பு: “இரும்பு தோசைக்கல்லைப் பழக்குவது எப்படி?” இரண்டாவது: “புதுக் கல்லில் தோசை ஒட்டுகிறதா?” தம்ப்நெயிலைத் தொடவில்லை. முதல் வாரம் முதல் தலைப்பு இருந்தது. இம்ப்ரெஷன், அதாவது தம்ப்நெயில் ஒருவர் திரையில் காட்டப்பட்ட எண்ணிக்கை, 12,000. கிளிக் 600. கிளிக் விகிதம் 5 சதவீதம். மறுவாரம் இரண்டாம் தலைப்பு: 20,000 இம்ப்ரெஷன், 840 கிளிக், 4.2 சதவீதம். பார்த்தவுடன் பழைய தலைப்பே மேல் என்று தோன்றும். பலர் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுத் தலைப்பைத் திருப்பி மாற்றிவிடுகிறார்கள்.

இப்போது அதே எண்களை, பார்வையாளர் எந்த வழியாக வந்தார் என்று பிரித்துப் பார்ப்போம். முதல் வாரம் தேடலில் 8,000 முறை காட்டப்பட்டு 480 கிளிக், 6 சதவீதம். முகப்புப் பக்கத்தில் 4,000 முறை காட்டப்பட்டு 120 கிளிக், 3 சதவீதம். இரண்டாம் வாரம் தேடலில் 5,000க்கு 330, 6.6 சதவீதம். முகப்பில் 15,000க்கு 510, 3.4 சதவீதம். தேடலிலும் இரண்டாம் தலைப்பு முந்துகிறது, முகப்பிலும் அதுவே முந்துகிறது. ஆனால் மொத்தத்தில் பின்தங்குகிறது! கணக்கில் பிழை எதுவும் இல்லை. தோசைக்கல்லைப் பற்றித் தேடி வந்தவர் கிளிக் செய்யும் மனநிலையில் இருக்கிறார். முகப்பில் எதேச்சையாகப் பார்ப்பவர் அப்படி இல்லை. இரண்டாம் வாரம் முகப்புப் பார்வையாளர் கூட்டம் பெருகியது. அதனால் சராசரி இறங்கியது. புள்ளியியலில் இதற்கு சிம்ப்சன் முரண்பாடு என்று பெயர்.

அப்படியானால் இரண்டாம் தலைப்பு வென்றதா? அதையும் இன்னும் சொல்ல முடியாது. கிளிக் எண்ணிக்கை எதுவானாலும் தற்செயலாகவே சற்று ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய அந்த எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும் என்று தோராயமாகக் கொள்ளலாம். முகப்பில் முதல் தலைப்புக்குக் கிடைத்தது 120 கிளிக். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 11. இரண்டாம் தலைப்பின் 3.4 சதவீதம் அந்த 4,000க்கும் கிடைத்திருந்தால் 136 வந்திருக்கும். வித்தியாசம் 16தான். வர்க்கமூலத்தின் இருமடங்கான 22ஐ அது தாண்டவில்லை. இவ்வளவு வித்தியாசம் தலைப்பை மாற்றாமல் விட்டிருந்தாலும் வரக்கூடியது. தேடலில் குறைவான எண்ணிக்கை இரண்டாம் தலைப்பின் 330 கிளிக். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 18. முதல் தலைப்பின் 6 சதவீதம் அந்த 5,000க்கும் கிடைத்திருந்தால் 300 வந்திருக்கும். வித்தியாசம் 30. அதுவும் இருமடங்கான 36ஐத் தாண்டவில்லை. ஆகவே நேர்மையான தீர்ப்பு, ‘இன்னும் தெரியவில்லை’ என்பதே. இந்தத் தீர்ப்பை எழுதத் துணிவு உள்ளவர்கள் குறைவு. எல்லாரும் வெற்றியாளரை அறிவிக்கத்தான் விரும்புகிறோம்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. முகப்பில் அதிகம் காட்டப்பட்டது ஏன்? பண்டிகை விடுமுறை காரணமாக இருக்கலாம். அல்லது இரண்டாம் தலைப்பை மக்கள் விரும்பியதால் யூடியூப்பே அதைக் கூடுதல் பேருக்குக் கொண்டுபோயிருக்கலாம். இரண்டாவது உண்மையானால் கூடுதல் இம்ப்ரெஷனும் தலைப்பின் வெற்றியில் சேர வேண்டியது. வழிவாரியாகப் பிரிக்கும்போது அந்தப் பங்கை நாமே வெட்டி எறிந்துவிடுகிறோம். ஒரு வாரத்துக்கு எதிராக ஒரு வாரம் வைத்துப் பார்க்கும் முறையில் இந்த இரண்டையும் பிரித்தறிய வழியே கிடையாது. எண்களை எவ்வளவு அலசினாலும் பயனில்லை. சோதனையை அமைக்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

தலைப்பை வாரக்கணக்கில் விடாமல் நாள்தோறும் மாற்றுவது அதற்கான முறை. 14 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டி, அன்றைய தலைப்பு எது என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். இரண்டாம் வாரம் அதே கிழமையில் மற்றத் தலைப்பு. இப்படிச் செய்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் செவ்வாய்க்கிழமை மந்தமும் இரண்டு தலைப்புகளுக்கும் சமமாகக் கிடைத்துவிடும். காணொளி வெளியான முதல் சில நாள்களை விட்டுவிடுங்கள். அப்போது சந்தாதாரர்களே முந்தி வருவார்கள். எந்தத் தலைப்பு வைத்தாலும் விகிதம் உயர்ந்தே இருக்கும்.

எந்த நேரத்தில் மாற்றுவது என்பதில்தான் நம் ஊரில் பலரும் சறுக்குகிறார்கள். யூடியூப் ஸ்டூடியோவின் ‘நாள்’ நம் நள்ளிரவில் தொடங்குவதில்லை. அது அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி கணக்கிடப்படுகிறது. இந்திய நேரத்தில் அது பகல் 12.30 மணி, அங்கே குளிர்கால நேரம் நடக்கும் மாதங்களில் 1.30 மணி. இரவு 12 மணிக்குத் தலைப்பை மாற்றினால் ஒவ்வொரு நாள் கணக்கிலும் இரண்டு தலைப்புகளும் கலந்துவிடும். அந்தப் பகல் நேரத்திலேயே மாற்றுங்கள். கணக்கு முழுதாக வந்து சேர இரண்டு நாள்வரை ஆகும் என்பதால், நேற்றைய எண்ணைப் பார்த்து இன்று பதற வேண்டாம்.

பதினான்கு நாள் முடிந்ததும் கிழமைவாரியாக ஏழு ஜோடிகள் கையில் இருக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் எது முந்தியது என்று எண்ணுங்கள். தலைப்புகளில் வித்தியாசமே இல்லாவிட்டாலும், நாணயம் சுண்டியது போல, ஏழில் ஐந்தோ அதற்கு மேலோ இரண்டாம் தலைப்புக்குப் போக 128இல் 29 வாய்ப்பு உண்டு. கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. எனவே ஐந்துக்கு இரண்டு என்பது வெற்றி அல்ல. ஏழும் ஒரே பக்கம் விழுந்தால், 64இல் ஒரு முறைதான் அது தற்செயலாக நடக்கும், அதை நம்பலாம். ஒன்பதாம் நாளில் முந்துகிறதே என்று அங்கேயே நிறுத்திவிடுவது மட்டும் கூடாது. ஓட்டத்தின் நடுவில் ஏதாவது ஒரு கட்டத்தில் ஏதாவது ஒன்று முந்தத்தான் செய்யும்.

எதை எண்ணுவது என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். கிளிக் மட்டும் போதாது. இரண்டாம் தலைப்பு 6 சதவீதம் பேரை உள்ளே இழுத்து, அவர்கள் சராசரியாக 3 நிமிடம் பார்த்தால், ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு 180 நிமிடம் கிடைக்கும். முதல் தலைப்பு 5 சதவீதத்தை இழுத்து 4 நிமிடம் உட்கார வைத்தால் 200 நிமிடம். யூடியூப்பின் சொந்த ஒப்பீட்டு வசதியும் வெற்றியைப் பார்வை நேரத்தைக் கொண்டே முடிவு செய்கிறது. கிளிக்கைக் கொண்டு அல்ல. மொத்தப் பார்வைகளை ஒப்பிடுவதும் ஏமாற்றும். வாட்ஸ்அப் குழுவில் யாரோ இணைப்பைப் பகிர்ந்தால் அந்தப் பார்வைகள் இம்ப்ரெஷன் கணக்குக்குள் வராமலேயே சேர்ந்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் நேற்று ஒரு தலைப்பைப் பார்த்துக் கடந்துபோனவர் இன்று மற்றொன்றைப் பார்த்து நின்றிருக்கலாம். அவர் புதுத் தலைப்பால் வந்தாரா, இரண்டாம் முறை கண்ணில் பட்டதால் வந்தாரா என்பதை இந்த முறை சொல்லாது. சிறு சேனல்களுக்கு இன்னொரு எல்லையும் உண்டு. நாளொன்றுக்குச் சில நூறு இம்ப்ரெஷன்தான் வருகிறதென்றால், தலைப்புகளுக்கிடையே மிகப் பெரிய வேறுபாடு இருந்தாலொழிய எந்த முடிவும் தேறாது.

இனி தமிழ்ச் சொல். ‘டெஸ்ட்’ என்பதன் வேர் மண்கலத்தைக் குறித்த லத்தீன் சொல்; உலோகத்தின் தரம் காண உருக்கும் கிண்ணத்துக்கு அது பின்னர் பெயரானது. நாம் வழங்கும் ‘சோதனை’ தூய்மை செய்தலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. இரண்டும் உலோகத்தோடு உறவுள்ளவை; ‘சோதனை’யை மாற்ற வேண்டிய தேவை இல்லை. பார்வையாளரைப் பிரித்து ஒரே காலத்தில் நடத்துவதற்குப் ‘பிரிப்புச் சோதனை’ பொருந்தும். ‘ஒப்பீட்டுச் சோதனை’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது பொதுச்சொல், எந்த ஒப்பீட்டுக்கும் பொருந்திவிடும்.

ஒரே காணொளியில் நாள் மாற்றி நாள் நடத்துவதற்கு ‘முறைமாற்றுச் சோதனை’ என்பேன். வாய்க்கால் தண்ணீர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போதாதபோது முறை வைத்து விடுகிறோம். முறைப்பாசனம் என்று அரசாணையிலும் எழுதுகிறோம். இங்கேயும் பகிரப்படுவது நாள்தான். ‘மாற்று’ என்பதற்குப் பொன்னின் தரம் என்ற பொருளும் இருக்கிறது. பத்தரைமாற்றுத் தங்கம் என்பதில் உள்ளது அதுதான். அந்தப் பொருள் இச்சொல்லுக்குக் கிடைத்த உபரி. ‘தொடர்முறைச் சோதனை’ என்ற பரிந்துரையை நான் ஏற்கமாட்டேன். முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்ற பிழையான அமைப்பையும் அது உள்ளே விட்டுவிடுகிறது.

வாக்கியத்தில்: “தலைப்பை முறைமாற்றி 14 நாள் சோதித்தோம், ஏழு ஜோடியில் நான்கு முதல் தலைப்புக்கு, மூன்று இரண்டாவதற்கு, வேறுபாடு தேறவில்லை.”

பிழையான வழக்கு: “போன மாதம் தலைப்பை மாற்றினேன், பார்வை இருமடங்கானது, ஏ/பி டெஸ்டில் நிரூபணம் ஆகிவிட்டது.”