விடைத்தாளில் இல்லாத அந்த ஒரு வரி

தேவகோட்டையிலிருந்து தத்துவம் படிக்கும் மாணவி ஒருவர் தன் விடையை அனுப்பி, "எல்லா வரியும் சரியாகத்தானே இருக்கிறது, ஏன் பாதி மதிப்பெண்?" என்று கேட்டிருக்கிறார். மனமும் உடலும் வேறு வேறு என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி டேக்கார்ட்டின் வாதத்தைப் படிப்படியாகப் பிரித்து எழுதச் சொன்ன கேள்வி அது. "தியானங்களில்" என்று டேக்கார்ட்டின் நூலைப் பொதுவாகக் குறிப்பிட்டுவிட்டு அவர் எழுதியது இவ்வளவுதான்: என் உடல் இருக்கிறதா என்று என்னால் சந்தேகிக்க முடியும், நான் இருக்கிறேனா என்று சந்தேகிக்க முடியாது, ஆகவே நானும் என் உடலும் ஒன்றல்ல.

முதல் இரண்டும் எடுகூற்றுகள், மூன்றாவது முடிவு. படிக்கும்போது சறுக்கலே தெரியாது. நமக்கு ஏற்கெனவே பழக்கமான முடிவு என்றால் இடையில் இருக்கும் பள்ளத்தை மனசே மூடிவிடும். அதனால் திருத்துகிறவர் முதலில் செய்ய வேண்டியது, வாதத்தின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு பேசுபொருளை மட்டும் மாற்றுவது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வேலையும் இதுதான்.

காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டின் பெட்டகத்தில், ரங்கூனிலிருந்து வந்த கையெழுத்தில்லாத பழைய கடிதம் ஒன்று கிடைக்கிறது என்று வையுங்கள். பேத்தி சொல்கிறாள்: "இதை எழுதியவர் காரைக்குடியைப் பார்த்தவரா என்று எனக்குச் சந்தேகம். எங்கள் ஐயா காரைக்குடியைப் பார்த்தவர் என்பதில் சந்தேகமே இல்லை. ஆகவே எழுதியவர் ஐயா இல்லை." அவள் சொன்ன இரண்டும் உண்மை. ஆனால் கொண்டுவிற்கப் பர்மா போன ஐயாவே அந்தக் கடிதத்தை எழுதியிருக்கலாம். எடுகூற்றுகள் உண்மையாக இருந்தும் முடிவு பொய்யாக முடிகிறது என்றால், வாதத்தில் ஏதோ ஒன்று சொல்லப்படாமல் நிற்கிறது என்று அர்த்தம். மாணவியின் விடையிலும் அதே கூடுதான்.

சரி, அந்தச் சொல்லாத வரி எது? "இந்த இரண்டும் உண்மையென்றால் முடிவும் உண்மை" என்று எழுதினால் பள்ளம் மூடும், ஆனால் எதையும் விளக்காது. எந்த வாதத்துக்கும் அப்படி ஒட்டுப் போட்டுவிடலாம். நல்ல வேட்பாளர், லைப்னிட்ஸ் என்ற தத்துவவாதியின் பெயரால் வழங்கும் விதி: இரண்டும் ஒரே பொருள் என்றால், ஒன்றுக்கு உள்ள பண்பு எல்லாம் மற்றதற்கும் இருக்கும். இதை யாரும் மறுக்க மாட்டார்கள். பல மாணவர்கள் இதை எழுதியதும் பேனாவை மூடிவிடுகிறார்கள். ஆனால் இது மட்டும் போதாது. "என்னால் சந்தேகிக்கப்படுவது" என்பது அந்தப் பொருளின் பண்பு என்றும் சேர்த்துச் சொன்னால்தான் விதி இங்கே பொருந்தும். கடிதத்தைத் திரும்பப் பாருங்கள். எழுதியவரைப் பற்றிய சந்தேகம் எழுதியவரிடம் இல்லை, பேத்தியிடம் இருக்கிறது. ஒரே மனிதரை அவள் இரண்டு வழியில் அறிகிறாள், அவ்வளவுதான். விரிசல் இந்த வரியில்தான். ஐந்து வரியாக எழுதிய விடை வாதத்தைக் காப்பாற்றாது. எங்கே உடைகிறது என்று விரல் வைத்துக் காட்டும். நம் தேர்வுகளில் முடிவை ஒப்பிப்பவருக்கும் இந்த வரியைக் கண்டுபிடிப்பவருக்கும் ஒரே மதிப்பெண் விழும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆகவே இந்த மாணவிக்கு விழுந்த பாதி மதிப்பெண், கண்டிப்பான ஆசிரியர் சரியாகச் செய்த வேலை என்றே படுகிறது.

இன்னொன்றையும் திருத்துகிறவர் பார்க்க வேண்டும்: இந்த வாதத்தை டேக்கார்ட் உண்மையிலேயே இப்படித்தான் சொன்னாரா? 1637-இல் வந்த நூலில், தனக்கு உடல் இல்லை என்று பாவிக்க முடிந்தாலும் தான் இல்லை என்று பாவிக்க முடியவில்லை என்பதிலிருந்து கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போகிறார். அதற்கு எழுந்த மறுப்பை 1641-இல் வெளியான தியானங்களின் முன்னுரையில் அவரே எடுத்துப் பேசுகிறார். இரண்டாம் தியானத்தில், எனக்குத் தெரியாத உடல் முதலிய இவை நானாகவே இருக்கலாமோ என்று கேட்டுவிட்டு, இப்போதைக்கு அதில் வாதிட மாட்டேன் என்று நிறுத்திக்கொள்கிறார். ஆக, மாணவி "தியானங்களில்" என்று பொதுவாக எழுதியது பிழை. ஆறாம் தியானத்தில் வருவது வேறு வாதம்: இரண்டைத் தெளிவாகத் தனித்தனியே கருத முடிந்தால், கடவுளால் அவற்றைத் தனித்தனியே இருக்கச் செய்ய முடியும், ஆகவே அவை வேறு.

இதற்கும் அர்னோ என்ற இளம் இறையியலாளர் அப்போதே ஒரு மாற்றுப் பொருளை வைத்துப் பார்த்துவிட்டார். ஒரு முக்கோணம் செங்கோண முக்கோணம் என்று ஒருவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரு பக்க வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமம் என்பதை அவர் நம்பவில்லை. அதனால் அந்தப் பண்பு முக்கோணத்துக்கு இல்லாமல் போய்விடுமா? டேக்கார்ட்டின் பதில், அந்தப் பண்பு முக்கோணத்தை விட்டுத் தனியே நிற்கும் முழுமையான பொருள் இல்லை, மனமும் உடலும் அப்படி நிற்பவை என்பது. அப்படியென்றால் "இரண்டுமே தம்மளவில் முழுமையான பொருள்களாகக் கருதப்படுகின்றன" என்பதும் விடைத்தாளில் ஒரு வரியாக வந்தாக வேண்டும். மாணவி அடுத்த முறை எழுதும்போது, அர்னோ கேட்ட கேள்வியை முதலில் அந்த வரியிடம்தான் கேட்க வேண்டும்.