நூறு சதவீதம் குழாய், பாதி ஊருக்குத் தண்ணீர்: விளைவு சார்ந்த பட்ஜெட்டை எப்படிப் படிப்பது

அரசுத் துறைகளின் பட்ஜெட் அட்டவணைகளைத் தயாரிக்கும் இடத்திலும் சரிபார்க்கும் இடத்திலும் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். விளைவு சார்ந்த பட்ஜெட் என்று அட்டையில் அச்சிட்ட புத்தகம் கைக்கு வந்தால் முதல் பக்கத்தில் தொடங்க மாட்டேன். குடிநீர்ப் பக்கத்தைத் தேடிப் போவேன். ஒரு துறை தன் செலவையும் பயனையும் எவ்வளவு நேர்மையாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறது என்பது அந்தப் பக்கத்தில் சீக்கிரம் தெரிந்துவிடும். தண்ணீர் வந்ததா இல்லையா என்று குடம் வைத்துப் பார்த்துவிடலாம் அல்லவா?

மத்திய அரசில் இந்த முறை 2005-இல் வந்தது. அவ்வாண்டு பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் ப. சிதம்பரம், பணம் ஒதுக்குவதாலேயே பயன் கிடைத்துவிடாது என்று எச்சரித்தார். முதல் விளைவு பட்ஜெட் அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2017-18 முதல் எல்லா அமைச்சகங்களின் திட்டங்களையும் ஒரே தொகுப்பாக வெளியிடுகிறார்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு வரிசை. இடது ஓரத்தில் ஒதுக்கீடு. அடுத்து, அந்தப் பணத்தில் செய்து முடிக்கப்படும் வேலை. இதை வெளியீடு என்கிறோம். கடைசியில், அந்த வேலையால் மக்கள் வாழ்வில் வந்த மாற்றம், இதுதான் விளைவு. வெளியீட்டுக்கும் விளைவுக்கும் தனித்தனியே குறியீடும் இலக்கும் உண்டு.

குழாய் பதிப்பது வெளியீடு, தண்ணீர் வருவது விளைவு. சொல்லும்போது இவ்வளவு எளிது. ஆனால் என் மேசைக்கு வந்த அட்டவணைகளில் பாதிக்கு மேல், விளைவுக் கட்டத்தில் வெளியீட்டையே வேறு சொற்களில் எழுதியிருப்பார்கள். முதல் கட்டத்தில் "வழங்கப்பட்ட இணைப்புகள்", அடுத்த கட்டத்தில் "இணைப்பு பெற்ற வீடுகளின் சதவீதம்". எண்ணைச் சதவீதமாக மாற்றினால் அது விளைவாகிவிடாது.

ஜல் ஜீவன் இயக்கம் இந்த இடத்தில் கவனமாகவே தொடங்கியது. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டபோது நாட்டின் ஊரக வீடுகளில் சுமார் 17 சதவீதத்துக்கு மட்டுமே குழாய் இருந்தது. இலக்கு வெறும் குழாய் என்று வைக்கப்படவில்லை. "செயல்படும் குழாய் இணைப்பு" என்றார்கள். அதற்கு வரையறையும் தந்தார்கள்: ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், இந்திய தர நிர்ணயத்தின் 10500-ஆம் எண் தரம், தடையின்றித் தொடர்ந்து வருதல். 2022-இல் நடந்த செயல்பாட்டு ஆய்வில், பார்த்த வீடுகளில் 86 சதவீதத்தில் குழாய் வேலை செய்தது. ஆனால் அளவு, தரம், ஒழுங்கு மூன்றும் சேர்ந்து தேறியவை 62 சதவீத வீடுகள்தாம். ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் 80-க்கு மேலோ அதை ஒட்டியோதான் இருந்தது. மூன்றையும் ஒரே வீட்டில் கேட்டதும் எண் இறங்கிவிட்டது. தனித்தனிக் குறியீடாக அச்சிட்டிருந்தால் மூன்று வரிகளும் அழகாக இருந்திருக்கும்.

இனி ஒரு குக்கிராமத்துக்கு வாருங்கள். பெயர் வேண்டாம். கணக்குக்கு வசதியாக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். 240 வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர், மொத்தம் 960 பேர். ஆளுக்கு 55 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 52,800 லிட்டர் வேண்டும். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியை இரண்டு முறை நிரப்புகிறார்கள், 60,000 லிட்டர். தேவைக்கு மேலேயே இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் இணைப்பு கொடுத்தாகிவிட்டது. துறையின் அட்டவணையில் வெளியீடு 100 சதவீதம், விளைவு 100 சதவீதம்.

நேரில் போனபோது நாங்கள் எடுத்துச் சென்றவை 15 லிட்டர் குடம் ஒன்றும் கைப்பேசியிலிருந்த நிறுத்துக் கடிகாரமும்தான். தொட்டியை ஒட்டிய தெருவில் குடம் இரண்டு நிமிடத்தில் நிரம்பியது. நிமிடத்துக்கு ஏழரை லிட்டர். தண்ணீர் விடும் நேரம் 40 நிமிடம் என்பதால் அந்த வீட்டுக்கு 300 லிட்டர், ஆளுக்கு 75. கடைசித் தெருவில் அதே குடம் நிரம்ப ஆறு நிமிடம் ஆனது. 40 நிமிடத்தில் 100 லிட்டர், ஆளுக்கு 25. குழாயடியில் நின்ற அம்மா எங்கள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க இப்பதான் எண்ணுறீங்க. நான் ஒரு வருஷமா எண்ணுறேன்" என்றார்.

ஊரில் பாதி வீடுகள் முதல் வகை, பாதி இரண்டாம் வகை. சராசரி போட்டால் ஆளுக்கு 50 லிட்டர். இலக்கு 55, கிடைப்பது 50 என்று எழுதினால் 91 சதவீதச் சாதனை, பச்சை நிறம். "55 லிட்டர் கிடைக்கும் வீடுகள் எத்தனை?" என்று கேட்டால் 240-இல் 120, 50 சதவீதம், சிவப்பு நிறம். அதே ஊர், அதே நாள், அதே தண்ணீர். குடிநீர்க் குறியீட்டில் சராசரி என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான். அளக்கும் இடம் கடைசித் தெருவின் கடைசிக் குழாய் என்று குறியீட்டின் வரையறையிலேயே எழுதியிருக்க வேண்டும். குளோரினுக்கும் அதுவே இடம். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். சோதனைக் குழலில் துளி விட்டால் மஞ்சள் படர வேண்டும். தொட்டியடியில் படர்ந்த மஞ்சள் கடைசித் தெருவில் எங்களுக்குத் தெரியவில்லை.

தண்ணீர் எங்கே போனது? ஏற்றிய 60,000 லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 12,000 லிட்டர், வழியில் கசிந்தது. வீட்டுக்கு வந்தது 48,000. போதாததற்குத் தெருக்களைப் பிரித்து முறை வைத்துவிட வால்வு இல்லை. மேட்டுத் தெருவும் பள்ளத் தெருவும் ஒரே நேரத்தில் குடித்தால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கசிவை 20 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைத்தால் வீட்டுக்கு வருவது சரியாக 52,800 லிட்டர். இரண்டு கேட் வால்வு வைத்து முறைபோட்டுவிட்டால் எல்லா வீட்டுக்கும் 55 லிட்டர். புதிதாக ஒரு மீட்டர் குழாய்கூட வேண்டாம்.

விளைவு பட்ஜெட்டின் உண்மையான சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. அந்த வால்வுக்கும் கசிவுப் பழுதுக்கும் யார் பணம் கொடுப்பது? துறையின் மானியக் கோரிக்கையில் குழாய் பதிக்கும் செலவு 4215 என்ற மூலதனத் தலைப்பில் வருகிறது. அது புதிய சொத்துக்கான பணம். பழைய இணைப்பின் கசிவை அடைக்க அதில் கைவைக்க முடியாது. பம்பின் மின்கட்டணம், தொட்டி இயக்குபவரின் ஊதியம், பிளீச்சிங் பவுடர், மோட்டார் எரிந்தால் காயில் கட்டும் செலவு எல்லாம் ஊராட்சியின் தலையில். ஊராட்சிக்கு அதற்கான பெரிய வழி நிதி ஆணைய மானியம். 15-ஆம் நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான ஊரக உள்ளாட்சி மானியத்தில் 30 சதவீதத்தைக் குடிநீருக்கென்றே கட்டிவைத்தது. அந்தப் பணம் குடிநீர்த் துறையின் அட்டவணையில் எங்கும் தெரியாது.

ஆக அட்டவணையில் ஒரு வரிசையின் இடது ஓரத்தில் இருக்கும் பணம், வலது ஓரத்தில் எழுதியிருக்கும் விளைவை வாங்கப் போதாது. விளைவின் பாதி விலை வேறொரு கணக்கில் இருக்கிறது. இந்த இரண்டையும் இணைக்காமல் இலக்கு மட்டும் வைத்தால், துறை தன் கையில் இருக்கும் எண்ணை உயர்த்தும். இணைப்பை எண்ணும், தண்ணீரை எண்ணாது. அதிகாரிகளின் நேர்மையைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலை செய்ய எதைக் கொடுத்தோமோ அதைத்தான் செய்கிறார்கள்.

மார்ச் மாதம் இதை இன்னும் மோசமாக்கும். நிதியாண்டின் கடைசியில் அவசரமாகச் செலவழிப்பதை மத்திய அரசின் பொது நிதி விதிகளே முறைகேடாகக் கருதுகின்றன. கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கும் மார்ச்சில் 15 சதவீதத்துக்கும் மேல் செலவிடக் கூடாது என்று மத்தியத் துறைகளுக்கு வரம்பும் உண்டு. ஆனால் ஆண்டு இலக்கு மார்ச் 31-இல் முடிகிறது. மின் இணைப்பு வராத பம்புக்குக் கீழே குழாய் முடிந்து, இணைப்பு எண்ணிக்கையில் சேர்ந்துவிட்ட ஊர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் விளைவை மார்ச்சில் அளக்கவே கூடாது என்பது என் கருத்து. இணைப்பு கொடுத்து ஆறு மாதம் கழித்து, கோடை ஒன்றையாவது கடந்தபின் அளக்க வேண்டும். அப்போதுதான் மின்கட்டணம் கட்டப்பட்டதா, மோட்டார் ஓடுகிறதா என்பதும் சேர்ந்து தெரியும்.

இன்னொரு பழைய உத்தி வகுக்கும் எண். சதவீதம் உயர இரண்டு வழி: மேலே உள்ள எண்ணைக் கூட்டலாம், கீழே உள்ளதைக் குறைக்கலாம். ஊரில் புதிதாக முளைத்த நகர், தோட்டத்து வீடுகள், பட்டா இல்லாத குடியிருப்பு இவையெல்லாம் மொத்த வீடுகளின் எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். போன ஆண்டுப் புத்தகத்தையும் இந்த ஆண்டுப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்து அடிக்குறிப்பு இல்லை என்றால், மேலே படிப்பதில் பொருளில்லை.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூடுகிறது. அங்கே கேட்க ஒரு கேள்வி போதும்: எங்கள் ஊர்த் தொட்டியின் மின்கட்டணம், இயக்குபவர் ஊதியம், பழுதுச் செலவு மூன்றும் இந்த ஆண்டு எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு? பதில் சொல்ல முடியாத ஊரில் 100 சதவீதம் என்ற எண் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் குக்கிராமம் இருந்த வட்டாரத்தின் அட்டவணையை அடுத்த ஆண்டு மாற்றி எழுதினோம். விளைவுக் கட்டத்தில் "கடைசிக் குழாயில் அளந்து, ஆளுக்கு 55 லிட்டர் கிடைக்கும் வீடுகள்" என்று போட்டோம். அதன் கீழே ஊராட்சி தரும் பராமரிப்புத் தொகையை, இந்தத் துறையின் ஒதுக்கீட்டில் சேராதது என்ற குறிப்போடு எழுதினோம். அளக்கும் முறை மாறியதால் அடிப்படை அளவும் மாறுகிறது என்று அடிக்குறிப்பும் சேர்த்தோம். அந்த ஊருக்கு நேராக 100 இருந்த இடத்தில் 50 வந்தது.

மூன்று வாரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சாதனை ஒரே ஆண்டில் பாதியாகக் குறைந்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அடிக்குறிப்பை யாரும் படிக்கவில்லை. பதிலோடு குடக் கணக்கு இருந்த தாளை இணைத்து, இரண்டு கேட் வால்வுக்கான மதிப்பீட்டையும் சேர்த்து அனுப்பினோம். விளக்கம் ஏற்கப்பட்டது. மதிப்பீடு, உரிய கணக்குத் தலைப்பு இல்லை என்று திரும்பி வந்தது.