குடித்த தண்ணீர் ஏன் உடம்பில் தங்குவதில்லை?

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கும் மேல் மட்டை பிடித்து 210 ரன் எடுத்தார். நடுவில் பலமுறை வாந்தி எடுத்தார். ஆட்டமிழந்த பிறகு மருத்துவமனையில் சேர்த்து சலைன் ஏற்றினார்கள். அந்த டெஸ்ட் கடைசியில் டை ஆனது. அவருக்கு அன்று ஏற்றிய சலைன் என்பது உப்புக் கரைத்த தண்ணீர்தான். வெறும் தண்ணீரை நரம்பில் ஏற்ற முடியாது, ரத்த அணுக்கள் வெடித்துவிடும்.

சென்னையின் சிக்கல் வெயிலைவிடப் புழுக்கத்தில்தான் அதிகம். வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது. வியர்வை தோலிலிருந்து ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழும். சொட்டிய வியர்வையால் குளிர்ச்சி இல்லை, தண்ணீரும் உப்பும்தான் நஷ்டம். உடம்பு சூடு குறையவில்லையே என்று இன்னும் அதிகமாக வியர்க்கும். கடுமையாக ஆடுபவருக்கு இது மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை போகலாம்.

சரி, போனதைக் குடித்து நிரப்பினால் போதாதா? இங்கேதான் சோடியம் வருகிறது. நமக்குத் தாகம் எடுப்பது பெரும்பாலும் ரத்தத்தின் உப்புச் செறிவைப் பொறுத்தது. வியர்வையில் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போகின்றன. அதற்குப் பதிலாக வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் ரத்தம் நீர்த்துப்போகும். உடனே மூளை தாகத்தை நிறுத்திவிடும், சிறுநீரகமோ 'தண்ணீர் கூடிவிட்டது' என்று எண்ணி அதை வெளியே தள்ளும். இழந்ததில் பாதிகூட நிரம்பியிருக்காது, ஆனால் தாகமும் இல்லை, சிறுநீரும் தெளிவாகப் போகும். ஆட்டக்காரர் தான் சரியாகிவிட்டதாக நம்பிக் களமிறங்குவார். கொஞ்சம் உப்பு சேர்ந்திருந்தால் செறிவு விழாது, தாகம் அடங்காது, குடித்தது ரத்தத்தில் தங்கும். போதாததற்கு, சிறுகுடலில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து உள்ளே போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துச் செல்கின்றன. ஓ.ஆர்.எஸ். வேலை செய்வது இந்த வழியில்தான்.

எவ்வளவு போகிறது என்பதை ஒரு எடை மெஷினை வைத்தே கணக்குப் போடலாம். காலையில் 70 கிலோ இருந்த ஒரு பேட்ஸ்மேன் உணவு இடைவேளை வரை இரண்டு மணி நேரம் ஆடி 1.2 லிட்டர் குடித்தார் என்று வைத்துக்கொள்வோம். ஈரத் துணிகளைக் கழற்றி, துடைத்துவிட்டு ஏறினால் 69.2 கிலோ. எடையில் குறைந்த 0.8-ஐயும் குடித்த 1.2-ஐயும் கூட்டினால் 2 லிட்டர் வியர்வை, அதாவது மணிக்கு ஒரு லிட்டர். (இடையில் சிறுநீர் கழித்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.) துணியோடு ஏறினால் கணக்குத் தப்பும், ஏனென்றால் பனியனில் ஊறியிருப்பதும் இழப்புதான். எடையில் 2 சதவீதம், இவருக்கு 1.4 கிலோ, குறைவதற்குள் ஈடுகட்டுவது நல்லது.

ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் சோடியம், அதாவது இரண்டரை கிராம் உப்பு இருக்கும். நாள் முழுக்க ஆறு மணி நேரம் ஆடினால் 15 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சேருங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இவருக்குப் பொருந்தாது. ஆளுக்கு ஆள் இந்த அளவு நிறைய மாறும்: காய்ந்த தொப்பியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அவர் அதிகம் இழப்பவர். குளிர் நாட்டிலிருந்து வருபவர் ஒன்றிரண்டு வாரம் இந்த வெயிலில் பழகினால் வியர்வை அதிகரிக்கும், ஆனால் அதில் உப்புக் குறையும்.

இத்தனை உப்பையும் களத்திலேயே ஈடுகட்ட வேண்டியதில்லை, பெரும்பகுதி சாப்பாட்டில் வந்துவிடும். ஆடும்போது ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழம் போதும். உப்புப் போட்ட நீர்மோரும் நல்லதுதான். இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது சோடியம்தான் என்பதால் இளநீரை மட்டும் நம்பினால் பற்றாது. பாட்டில் கூல்டிரிங்கில் சர்க்கரை அதிகம், வயிற்றிலேயே தங்கிக் குமட்டும். சதைப்பிடிப்புக்கு உப்புதான் மருந்து என்கிறார்கள். அதை அப்படியே ஏற்க மாட்டேன், களைத்த தசையும் அதற்குக் காரணம்.

மறுபக்க ஆபத்தும் உண்டு. பயந்துபோய் வியர்த்ததைவிட அதிகமாக வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தச் சோடியம் விழுந்து மூளை வீங்கலாம். தலைவலி, வாந்தி, குழப்பம் எல்லாம் வெயில் மயக்கம் போலவே தெரியும். வித்தியாசம் எடையில் இருக்கிறது: ஆடி முடித்தவரின் எடை காலையில் இருந்ததைவிடக் கூடியிருந்தால், மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.